தளத்தின் சுமையைத் தாங்குவது எந்தக் கம்பி?

கோலாலம்பூரின் பழைய தாமான்களில் 20 அடி அகலமுள்ள இரட்டை மாடி வரிசை வீடுகள் ஏராளம். அவற்றின் மேல்மாடியில் வீட்டின் முழு அகலத்துக்கும் ஒரே அறை எடுத்தால், அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 6 மீட்டர் வரும். மறுபக்கத்தை 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் கான்கிரீட் உத்திரம் இருக்க, நடுவில் 150 மில்லிமீட்டர் கனத்தில் தளம் வார்க்கப்படுகிறது. கம்பிகள் இரண்டு திசையிலும் பின்னப்பட்டிருப்பதைப் பார்ப்பவர், இரண்டும் சமமாக உழைக்கின்றன என்றே எண்ணுவார். உண்மையில் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குபவை 4 மீட்டர் நீளமுள்ள கம்பிகள்தான்.

காரணம் தொய்வில் இருக்கிறது. அறையின் நடுவில் குறுக்காக ஒரு மீட்டர் அகலப் பட்டை ஒன்றையும், நெடுக்காக அதே அகலத்தில் மற்றொன்றையும் மனத்தில் வெட்டி எடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் இடம் ஒரே கான்கிரீட் என்பதால், அங்கே இரண்டும் ஒரே அளவுதான் தொய்ய முடியும். ஆனால் சீராகப் பரவிய சுமையின் கீழ் ஒரு பட்டையின் தொய்வு அதன் நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. 6-ஐ 4-ஆல் வகுத்தால் 1.5, அதன் நான்காம் அடுக்கு ஏறக்குறைய 5. ஆகவே ஒரே அளவு சுமை வைத்தால், நீளப் பட்டை குறுகிய பட்டையைப் போல் ஐந்து மடங்கு தொய்யும். இரண்டும் சேர்ந்தே தொய்ய வேண்டுமென்றால், குறுகிய பட்டை ஐந்து பங்கையும் நீளப் பட்டை ஒரு பங்கையும் ஏற்பதைத் தவிர வேறு வழியில்லை.

தளத்தின் சொந்த எடை, மேற்பூச்சு, மனிதர்கள், தட்டுமுட்டுச் சாமான்கள் ஆகியவற்றைப் பாதுகாப்புக் காரணிகளோடு சேர்த்தால், வடிவமைப்புச் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோநியூட்டன், அதாவது சுமார் 900 கிலோ எடை. இதில் குறுக்குத் திசைக்கு 7.5, நெடுக்குத் திசைக்கு 1.5 என்று பிரிகிறது. பட்டையை வளைக்கும் திருப்புத்திறனைக் காண, சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும். குறுக்கே 15 கிலோநியூட்டன் மீட்டர், நெடுக்கே 6.75 என்று விடை கிடைக்கிறது. குறுகிய பட்டையின் சுமையில் ஐந்தில் ஒன்றை மட்டுமே ஏற்ற நீளப் பட்டை, வளைவில் அதன் அளவில் ஏறக்குறைய பாதியைச் சந்திக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சுமை குறைந்தாலும் அது தாண்ட வேண்டிய தூரம் அதிகம். இதனால்தான் இத்தகைய தளத்தை இருவழித் தளம் என்று கருதி, இரு திசைக்கும் கணக்குப் போடுகிறோம். மூலைகளின் முறுக்கு விறைப்பு தரும் உதவியை இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. ஆகவே விடை சற்றுக் கூடுதல் பாதுகாப்பான பக்கமே சாயும்.

அறைக்கு வெளியே உள்ள நடைபாதையை எடுத்துக்கொண்டால் நிலை வேறு. 1.2 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள அதில் விகிதம் 5. நான்காம் அடுக்கு 625. நீளத் திசைக்கு வரும் சுமை கணக்கில் எடுக்கத் தகாதது. இது ஒருவழித் தளம். நீளம் அகலத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் போனால் ஒருவழி என்று கொள்வது வழக்கம். அந்த 2 என்ற எல்லையில் இயற்கை திடீரென மாறிவிடுவதில்லை. அங்கே சுமை 16-க்கு 1 என்று பிரிந்துவிடுவதால், பொறியாளர் அதற்குமேல் கணக்கிடுவதைப் பயனற்ற வேலை என்று விட்டுவிடுகிறார், அவ்வளவுதான். அதற்காக நீளக் கம்பியை நீக்கிவிட முடியாது. சுருக்க விரிசலைக் கட்டுப்படுத்தவும், ஓரிடத்தில் விழும் சுமையைப் பக்கத்துக் கம்பிகளுக்குப் பரப்பவும், முதன்மைக் கம்பியின் அளவில் குறைந்தது 20 விழுக்காடு அத்திசையில் இருக்க வேண்டும் என்று கான்கிரீட் வடிவமைப்புக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோட் 2 கேட்கிறது.

இப்போது நம் 4-க்கு 6 அறைக்குத் திரும்புவோம். 8 மில்லிமீட்டர் கம்பியில் கணக்கிட்டால், குறுக்குத் திசையில் மீட்டருக்கு 6 கம்பிகளும் நெடுக்குத் திசையில் 3 கம்பிகளும் போதும். விரிசல் கட்டுப்பாட்டுக்கான குறைந்தபட்ச அளவு நெடுக்குத் திசையை 4 ஆக்கும். தளத்தில் இன்று கம்பியை ஒவ்வொன்றாகக் கட்டுவதைவிட, ஆலையில் பற்றவைத்து வரும் கம்பி வலையை விரிப்பதே அதிகம். ஒரு வகை வலையில் இரு திசையிலும் கம்பிகள் 200 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். மற்றொரு வகையில் ஒரு திசையில் 100, மறு திசையில் 200 இருக்கும். நம் அறைக்கு இரண்டாம் வகை வருகிறது என்று கொள்ளுங்கள். நெருக்கமான கம்பிகள் குறுக்கே போனால் மீட்டருக்கு 10 கிடைக்கும். நெடுக்கே 5 கிடைக்கும். இரண்டும் தேவைக்கு மேல்.

வலையை 90 பாகை திருப்பி விரித்துவிட்டால்? நெருக்கமான கம்பிகள் பெரும்பாலும் வலையின் நீண்ட பக்கத்தோடு ஓடுகின்றன. அறையின் நீண்ட பக்கத்தோடு வலையின் நீண்ட பக்கத்தைப் பொருத்துவது கைக்கு எளிது, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்புகளும் குறைவு என்பதால், அப்படி விரிக்கத்தான் கை போகும். அப்போது 4 போதுமான நெடுக்குத் திசையில் 10 கம்பிகள் கிடக்க, 6 தேவைப்படும் குறுக்குத் திசையில் 5 மட்டுமே நிற்கும். மொத்த இரும்பு ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஆயினும் தளம் பலவீனமாகிவிட்டது. அதோடு அந்த 5 கம்பிகள் மேல் அடுக்கில் அமைந்துவிட்டால், அவற்றின் செயல்திறன் ஆழம், அதாவது தளத்தின் மேற்பரப்பிலிருந்து கம்பியின் மையம் வரையுள்ள தூரம், 121 மில்லிமீட்டரிலிருந்து 113 ஆகக் குறைந்து, குறை இன்னும் கூடும். குறுக்குக் கம்பி எப்போதும் அடியில், அச்சுப் பலகைக்கு அருகில், 25 மில்லிமீட்டர் காரைக் கட்டைகளின்மேல் உட்கார வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். அத்தகைய தளம் மறுநாளே விழாது. சில காலம் கழித்து அடிப்பகுதியின் நடுவில், அறையின் நீளவாக்கில் ஓடும் விரிசல் தெரியும். ஒழுங்காகக் கம்பியிட்ட இருவழித் தளத்தை அளவுக்கு மீறி ஏற்றினால், விரிசல் தபால் உறையின் பின்புறம்போல் நான்கு மூலையிலிருந்தும் கிளம்பி நடுக்கோட்டில் சேரும்.

இதுவரை சொன்னதெல்லாம் நான்கு பக்கமும் தாங்கல் இருந்தால் மட்டுமே பொருந்தும். வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் மரச் சட்டங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து எதிர்ப் பொதுச்சுவருக்குப் போகின்றன. முன்னும் பின்னும் அவற்றுக்கு ஊன்று இல்லை. அந்த அறை சதுரமாகவே இருந்தாலும் அது ஒருவழித் தளம்தான். நம் அறையிலும், விரிவாக்கத்தின்போது 6 மீட்டர் நீளமுள்ள இரு உத்திரங்களையும் யாராவது எடுத்துவிட்டால், முழு 9 கிலோநியூட்டனும் 6 மீட்டர் கடந்தே போக வேண்டும். திருப்புத்திறன் 15-இலிருந்து 40.5 ஆகிவிடும். மீட்டருக்கு 16 கம்பிகளுக்கு மேல் வேண்டியிருக்கும். அதற்கும் முன்பே, 150 மில்லிமீட்டர் கனம் தொய்வுக்குப் போதாமல் போய்விடும். சமையலறையைப் பின்பக்கம் நீட்டும்போது அந்த உத்திரத்தைச் சாதாரணச் சுவர்ப்பகுதி என்று இடிக்கச் சொல்பவர் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் சரிபார்ப்பது எளிது. அளவு நாடாவை அறையின் நீளவாக்கில் ஒரு மீட்டர் விரித்து, அதைக் கடக்கும் கம்பிகளை எண்ணினால், அவைதான் குறுக்கே போகும் கம்பிகள். வரைபடம் 10 என்றால் அங்கே 10 இருக்க வேண்டும். அவை மறு திசைக் கம்பிகளுக்குக் கீழே கிடக்கவும் வேண்டும். வார்த்த பிறகு சந்தேகம் எழுந்தால், காந்தப்புலத்தால் கம்பியின் இருப்பிடத்தையும் மூடுகனத்தையும் காட்டும் கையடக்கக் கருவியை அடிப்பகுதியில் ஓட்டி, எந்தத் திசையில் இடைவெளி 100, எந்தத் திசையில் 200 என்று தளத்தை உடைக்காமலே தெரிந்துகொள்ளலாம்.