ஒரே மாதிரி தெரிந்த 95 பக்கங்கள்

கம்பத்தில் நான் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அழிந்துபோன ஃபைல்களை மீட்பதும் என் வேலைதான். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு கணக்குப்பிள்ளை அண்ணன் வந்தார். தினமும் விடியற்காலையில் ஜீப்பில் ஆட்களோடு கம்பம்மெட்டு ஏறி, கேரளப் பக்கம் உள்ள ஏலத்தோட்டத்துக்குப் போய்வருபவர். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள், எத்தனை கிலோ காய் எடுத்தார்கள், எவ்வளவு பற்று வாங்கினார்கள் என்று எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவார். சனிக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்தின் ஆறு பக்கங்களையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்.

மழையில் நோட்டு நனைந்து, ஜெல் பேனா மை கரைந்துவிட்டது. "பரவாயில்லை, போன்ல இருக்கே" என்று நினைத்திருக்கிறார். அதே வாரம் போனில் இடமில்லை என்று வந்ததால், விளம்பரத்தில் பார்த்த ஒரு க்ளீனர் ஆப்பைப் போட்டு ஓடவிட்டிருக்கிறார். 19 வாரம், 114 பக்கம். ஓட்டி முடித்தபோது மிஞ்சியது 19. வாரத்துக்கு ஒரு பக்கம்தான்.

"தம்பி, டூப்ளிகேட்டைத்தானே அழிக்கும்னு போட்டிருந்துச்சு. என்னோடது ஒவ்வொரு பக்கமும் வேற வேற ஆச்சே" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

இந்த ஆப்களில் இரண்டு வகைத் தேடல் இருக்கிறது. ஒன்று, அச்சு அசலாக ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. இதில் ஒரு பைட் மாறினாலும் வேறு ஃபைல்தான். இன்னொன்று `Similar photos` என்று திரையில் வரும். இதில் படத்தை முதலில் மிகச் சிறியதாகச் சுருக்குவார்கள். பெரும்பாலும் எட்டுக்கு எட்டு, ஒன்பதுக்கு எட்டு என்கிற அளவில் சாம்பல் நிறக் கட்டங்களாக ஆக்கிவிட்டு, எந்தக் கட்டம் பக்கத்துக் கட்டத்தைவிடவோ சராசரியைவிடவோ வெளுப்பு என்பதை மட்டும் ஒப்பிடுவார்கள். ஒரே முகத்தை நாலு தடவை எடுத்த செல்ஃபிகளைப் பிடிக்க இது போதும். ஆனால் கோடு போட்ட நோட்டுப் பக்கத்தை அந்த அளவுக்குச் சுருக்கினால் எழுத்தே இருக்காது. வெள்ளைத் தாள், நடுவில் மங்கலாக ஒரு பட்டை, ஓரத்தில் மேசையின் நிறம், அவ்வளவுதான் மிஞ்சும். ஒரே மேசையில், ஒரே வெளிச்சத்தில், இரண்டு நிமிஷத்துக்குள் எடுத்த ஆறு பக்கமும் ஆப்புக்கு ஒரே படம். அதில் தெளிவாக உள்ள ஒன்றை 'நல்லது' என்று வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் டிக் அடித்துவிடும். கிரயப் பத்திரம், பாங்க் பாஸ்புக், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று வரிசையாக எடுத்த எந்தப் பக்கத்துக்கும் இதே கதிதான்.

மீட்கும் வேலைக்கு வருவோம். அண்ணன் கோபத்தில் அந்த ஆப்பை ஏற்கெனவே நீக்கியிருந்தார். இதைத்தான் செய்யக்கூடாது. சில க்ளீனர்கள் அழித்ததைத் தங்களுக்கென்று ஒரு குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் வைத்திருக்கும். அது ஆப்பின் சொந்த ஃபோல்டருக்குள் இருந்தால், ஆப்பை நீக்கும்போது ஆண்ட்ராய்டு அதையும் சேர்த்து அழித்துவிடும். முதலில் ஆப்பைத் திறந்து அந்தத் தொட்டியைப் பாருங்கள். அப்புறம் கேலரியின் குப்பைத்தொட்டி. ஆண்ட்ராய்டு 11 முதல், முறைப்படி அழித்த படம் `.trashed-` என்று தொடங்கும் பெயரில், வழக்கமாக 30 நாள் மறைந்திருக்கும். ஃபைல் மேனேஜரில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் தெரியும். ஆனால் 'எல்லா ஃபைல்களுக்கும் அனுமதி' கொடுத்த க்ளீனர் இந்த வழியில் போகாமல் நேராகவே அழிக்கலாம். அண்ணனின் போனில் தொட்டி காலி.

கூகுள் கணக்கில் வாட்ஸ்அப் பேக்கப் வைத்திருப்பவர்கள், அன்று இரவுக்குள் தானாக எடுக்கும் பேக்கப்பை நிறுத்திவிட வேண்டும். படங்கள் இல்லாத போனிலிருந்து புதிய பேக்கப் போனால், படங்கள் இருந்த பழைய பேக்கப்பின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். அண்ணனுக்கு பேக்கப்பே இல்லை.

அழிந்துபோன பக்கங்களை வாரவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் எட்டு வாரப் படங்கள் போனின் உள் மெமரியில் இருந்தவை. பிறகு இடம் போதாமல், கேமராவை மெமரி கார்டில் சேமிக்கும்படி மாற்றியிருக்கிறார். அதாவது அழிந்த 95-ல் 40 உள்ளே, 55 கார்டில். இந்தப் பிரிவுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

கார்டைக் கழற்றி, ரீடரில் போட்டு, எதையும் எழுதாமல் முழுக் கார்டையும் கம்ப்யூட்டரில் ஒரு நகலாக எடுத்துக்கொண்டேன். அந்த நகலின்மேல் `PhotoRec` ஓட்டினேன். இது இலவசம்தான். ஃபைல் பெயரையோ ஃபோல்டரையோ பார்க்காமல், ஒரு ஜேபெக் படம் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துக் கார்டு முழுக்கத் தேடும். பழைய பெயர் கிடைக்காது. ஆனால் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் வாரவாரியாக அடுக்கிவிடலாம். 51 பக்கம் முழுசாக வந்தது. நாலு பக்கம் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். அழிந்த பிறகு அவர் எடுத்த ஒரு சின்ன வீடியோ அந்த இடத்தில் எழுதப்பட்டிருந்தது.

உள் மெமரியில் போன 40 பக்கத்தை என்னால் எடுக்க முடியாது என்று அவரிடம் நேராகவே சொன்னேன். இப்போதைய போன்களில் ஒவ்வொரு ஃபைலும் பூட்டப்பட்டுத்தான் சேமிக்கப்படுகிறது. ஃபைலை அழித்தால் அதன் பூட்டைத் திறப்பதற்கான குறிப்பும் சேர்ந்து போய்விடும். சும்மா கிடக்கும் நேரத்தில் காலி இடத்தைப் போனே துடைத்தும் விடும். 'அழிந்ததை மீட்கும்' ஆப்கள் காட்டுவது பெரும்பாலும் கேலரி வைத்திருக்கும் குட்டிப் படங்களைத்தான். அண்ணனும் ஒன்றைக் காசு கட்டி வாங்கியிருந்தார். அசல் பக்கம் ஒவ்வொன்றும் 3 எம்பி. அது கொடுத்தவை 20 கேபி. பெரிதாக்கினால் ஒரு எண்கூடப் படிக்க முடியவில்லை.

பிறகு, இந்தப் பக்கங்களை யாருக்காவது அனுப்பினீர்களா என்று கேட்டேன். "முதலாளிக்கு வாட்ஸ்அப்ல போடுவேன். ரெண்டு வாரம் மட்டும் அவரு இங்கயே இருந்தாரு, நோட்டையே காட்டிட்டேன்." மறுநாள் முதலாளியின் போனில் `WhatsApp Images` ஃபோல்டரைத் திறந்தோம். `IMG-` என்று தொடங்கி, தேதியும் `WA` எண்ணுமாக வரிசையாக இருந்தன. வாட்ஸ்அப் சுருக்கியதால் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் எண்கள் படிக்க முடிந்தன. ஆறு வாரத்தின் 30 பக்கமும், கார்டில் பாதியாக வந்த நாலும் கிடைத்துவிட்டன.

இன்னொரு இழப்பும் இருந்தது. மகளின் சான்றிதழ்களை `Temp` என்று பெயர் வைத்த ஃபோல்டரில் போட்டிருந்தார். இந்த ஆப்கள் பல, `temp`, `cache` போன்ற பெயர் இருந்தாலே உள்ளே பார்க்காமல் குப்பை என்று முடிவு செய்கின்றன. விண்ணப்ப எண் கையில் இருந்ததால் இ-சேவை மையத்தில் மறுபடி எடுத்துக்கொண்டார்.

கடைசியில் நின்றது மூன்றாவது, நான்காவது வாரத்தின் பத்துப் பக்கம். ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் அவர் 'பழைய பற்று' எழுதும் பழக்கம் உள்ளவர். இரண்டாவது வாரக் கடைசி பாக்கியையும் ஐந்தாவது வாரத் தொடக்க பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒவ்வொரு ஆளுக்கும் அந்த இரண்டு வாரத்தில் பாக்கி மொத்தமாக எவ்வளவு கூடியது, குறைந்தது என்பது வந்துவிட்டது. எந்த நாளில் எத்தனை கிலோ என்பது மட்டும் வரவில்லை. அதை ஜீப் ஏறும் இடத்தில் ஆட்களிடமே கேட்டு எழுதப்போவதாகச் சொல்லி, ஒரு புது நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் வாங்கிக்கொண்டு போனார்.