படத்துக்கு மேலே ஒரு குறிப்பு, படத்துக்குக் கீழே ஒரு குறிப்பு

பழைய ஆவணங்களைச் செப்பனிடும் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு படத்தையும் ஒரு படக்குறிப்பையும் எனக்கு அனுப்பியிருந்தார். லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் அதையே ஒட்டப் போவதாகச் சொல்லி, பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். படத்தில் இரண்டு கைகள், பழுப்பேறிய ஒரு தாள், அதன் அடியில் நுழைந்திருக்கும் மெல்லிய தட்டைக் கருவி. குறிப்பு இது:

"நீரில் நனைந்து ஒட்டிப்போன பழைய பதிவேட்டை நான்கு மாத உழைப்புக்குப் பின் மீட்டெடுத்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். இந்த வாய்ப்பை வழங்கிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பயணம் தொடரும்!"

பிழை எதுவும் இல்லை. ஆனாலும் இது இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. தொழில்முறை தளத்துக்குக் கொஞ்சம் விறைப்பாகவும் படம் பகிரும் செயலிக்குக் கொஞ்சம் இளக்கமாகவும் மாற்றினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். படக்குறிப்புகளைத் திருத்திக் கொடுப்பதே என் வேலை. விறைப்பையும் இளக்கத்தையும் மாற்றிப் பயனில்லை என்பதை அதில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 'மகிழ்ச்சி' என்ற சொல்லை 'பெருமகிழ்ச்சி' ஆக்குவதால் தொனி மாறிவிடாது.

தொனி எங்கே மாறுகிறது என்பதை அறிய, படம் திரையில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். லிங்க்ட்இனில் எழுத்து மேலே, படம் கீழே. படிப்பவர் முதலில் உங்கள் பெயரையும் அதன் கீழே தொழிலைச் சொல்லும் ஒரு வரியையும் பார்க்கிறார், பிறகு உங்கள் எழுத்தை, அதன் பிறகே படத்தை. இன்ஸ்டாகிராமில் இது தலைகீழ். படம் முதலில் கண்ணை நிரப்பிவிடுகிறது, எழுத்து அதன் அடியில் காத்திருக்கிறது. ஆகவே முதல் இடத்தில் உங்கள் குறிப்பு படத்துக்கு வழிவிடும் வாசல். இரண்டாவது இடத்தில், படத்தைப் பார்த்து நின்றவரின் காதில் சொல்லும் பேச்சு. வாசலில் நிற்பவரிடம் பேசுவதுபோல் காதில் பேச முடியாது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு குறிப்பை மட்டும் படியுங்கள். லிங்க்ட்இன் குறிப்பு அப்போதும் முழுதாகப் புரிய வேண்டும். இன்ஸ்டாகிராம் குறிப்பில் ஏதோ ஒன்று குறைய வேண்டும். அது குறையவில்லை என்றால், படம் ஏற்கெனவே சொன்னதை நீங்கள் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

அவருடைய குறிப்பை இப்படி மறைத்துப் படித்தபோது இரண்டு சோதனையிலும் தோற்றது. எந்தத் தாள், எப்படிப் பிரித்தார், எது கடினமாக இருந்தது என்ற எதுவும் அதில் இல்லை. படத்தில் இருக்கும் அந்தக் கைகளைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அதனால் தொலைபேசியில் அழைத்து ஒரே கேள்வி கேட்டேன்: "இந்தப் படம் எடுக்கும் அந்த நொடியில் என்ன நடந்துகொண்டிருந்தது?"

அவர் தயங்காமல் சொன்னார். "ஈரம் காய்ந்தபோது அந்தத் தாள் அடுத்ததோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கருவியை உள்ளே விட்டு மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். மூச்சுகூட விடவில்லை. அதற்கு முந்தைய தாளின் ஓரம் என் கையில் கிழிந்துவிட்டது. அந்தப் பயம் போகவே இல்லை."

குறிப்பில் இல்லாத எல்லாம் இந்தப் பேச்சில் இருந்தது. இதிலிருந்து எடுத்த இன்ஸ்டாகிராம் குறிப்பு:

"மூச்சுவிட்டால் கிழிந்துவிடும் என்ற பயத்தோடு பிரித்த தாள் இது. முந்தைய தாளின் ஓரம் என் கையில்தான் கிழிந்தது. அன்று வேறு எதையும் தொட மனம் வரவில்லை. மறுநாள் இது முழுதாக வந்தது. அந்த நொடியை என் சக ஊழியர் படம்பிடித்திருக்கிறார், எனக்கே தெரியாமல்."

இதில் 'ஆவணப் பாதுகாப்பு' என்ற சொல்லே இல்லை. கைகள் படத்தில் இருக்கின்றன, பயம் எழுத்தில் இருக்கிறது. பேச்சுமொழியும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இயல்பாக எழுத வேண்டும் என்றால் கொச்சையாக எழுத வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். இந்தக் குறிப்பை இளக்கியவை சிறிய வாக்கியங்களும், 'என் கையில்தான்' என்பதில் உள்ள 'தான்' என்ற ஒற்றை இடைச்சொல்லும். தமிழில் தொனியைச் சுமப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறிய உறுப்புகளே.

லிங்க்ட்இன் குறிப்புக்கு அதே பேச்சு போதாது. அங்கே உங்கள் பதிவு உங்கள் நண்பர்களோடு நின்றுவிடுவதில்லை. ஒருவர் கருத்திட்டால் அவருடைய தொடர்பில் உள்ளவர்களுக்கும் அது தெரியக்கூடும். உங்களை ஒருபோதும் சந்திக்காத, ஆனால் இதே வேலையைச் செய்யும் ஒருவர் அதைப் படிக்கிறார். அவருக்கு உங்கள் பயம் முக்கியமில்லை. எப்படி முடிவெடுத்தீர்கள் என்பதே முக்கியம். எனவே மறுபடி கேட்டேன்: முதலில் என்ன செய்தீர்கள், ஏன்? அதன் பிறகு எழுதியது:

"ஒட்டிய தாள்களைப் பிரிக்கும் முன் மையைச் சோதிக்க வேண்டும் என்பதை இந்தப் பதிவேடு எங்களுக்கு மறுபடி காட்டியது.

நீரில் நனைந்து காய்ந்த, ஏறத்தாழ 240 தாள்கள் கொண்ட கையெழுத்துப் பதிவேடு. தாளின் மூலையில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பார்த்ததில், சில தாள்களின் மை கரைந்தது. அவற்றை ஈரப்படுத்தாமலே பிரித்தோம். மை கரையாத தாள்களுக்கு ஈரப்பதம் ஊட்டித் தளர்த்தி, கிழிசல்களை ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் கொண்டு சேர்த்தோம். உலர்ந்த நிலையில் பிரித்தவற்றில் 7 தாள்களின் ஓரத்தைக் காக்க முடியவில்லை.

மைச் சோதனை என் சக ஊழியரின் பணி. பிரித்தலும் சேர்த்தலும் என் பொறுப்பு. உலர்ந்த நிலையில் பிரிக்க வேறு முறை கையாண்டவர்கள் இருந்தால் அறிய விரும்புகிறேன்."

முதல் பார்வையில் அவர் இதை ஏற்கவில்லை. "7 தாள் கெட்டது என்று நானே ஏன் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். நான் விடவில்லை. அதே வேலையைச் செய்பவர் படிக்கும்போது, எதுவும் கெடவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டார். எத்தனை, எதனால் என்று சொன்னால் மீதமுள்ளதையும் நம்புவார். இன்ஸ்டாகிராமிலும் அதே தோல்வி இருக்கிறது, ஆனால் அங்கே அது ஓர் உணர்ச்சி. இங்கே ஒரு தகவல். தோல்வி ஒன்றே, இடம் மாறியதும் வடிவம் மாறியிருக்கிறது. தொனியை மாற்றுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று: முதல் குறிப்பில் எல்லாம் 'நான்'. லிங்க்ட்இன் குறிப்பில் 'எங்களுக்கு', 'பிரித்தோம்', பிறகு 'என் பொறுப்பு'. தமிழில் கேட்பவரைச் சேர்க்கும் 'நாம்' வேறு, சேர்க்காத 'நாங்கள்' வேறு. இந்த வசதி ஆங்கிலத்தில் இல்லை. தொழில்முறை குறிப்பில் பலர் 'நாம் சாதித்தோம்' என்று எழுதி, படிக்கும் அந்நியரையும் சாதனையில் சேர்த்துவிடுகிறார்கள். படிப்பவருக்கு அது சொற்பொழிவாகக் கேட்கும். வேறு சிலர் 'மேற்கொள்ளப்பட்டது', 'நிறைவு செய்யப்பட்டது' என்று செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள், யார் செய்தார் என்றே தெரியாமல் போகிறது. தொழில் தொடர்பான தளத்தில் ஒருவர் முதலில் தேடுவது உங்கள் பங்கு எது என்பதைத்தான். 'நாங்கள்' என்று குழுவைச் சொல்லி, பிறகு 'நான்' என்று உங்கள் பங்கைப் பிரித்துக் காட்டுங்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு சொல். இன்ஸ்டாகிராம் குறிப்புக்கு 2200 எழுத்துகளும் லிங்க்ட்இன் பதிவுக்கு 3000 எழுத்துகளும் எல்லை. ஆனால் கணினி எண்ணும் எழுத்தும் நாம் எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. 'தொழில்' என்பது நமக்கு 3 எழுத்து. கணினிக்கு அது த, ஒகரக் குறி, ழ, இகரக் குறி, ல, புள்ளி என 6. எனவே தமிழில் இடம் நினைத்ததைவிட விரைவில் தீரும். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு தளங்களும் முதல் சில வரிகளை மட்டும் காட்டி மீதியை மறைப்பதுதான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, கைபேசித் திரையில் அந்த வரிகளுக்குள் ஒரு முழு வாக்கியம் அடங்குவதே அரிது. 'பெருமகிழ்ச்சி அடைகிறேன்' என்று தொடங்கினால், மறையாமல் தெரிவது மகிழ்ச்சி மட்டுமே. அதனால்தான் லிங்க்ட்இன் குறிப்பு 'மையைச் சோதிக்க வேண்டும்' என்ற செய்தியோடும், மற்றது 'கிழிந்துவிடும்' என்ற அச்சத்தோடும் தொடங்குகின்றன.

குறிப்பு பொருந்தவில்லை என்பதை வெளியிட்ட பிறகு எப்படி அறிவது? விருப்பங்களின் எண்ணிக்கை இதைச் சொல்லாது, கருத்துகளின் வகை சொல்லும். லிங்க்ட்இனில் 'வாழ்த்துகள்' என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை என்றால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது யாருக்கும் புரியவில்லை. இன்ஸ்டாகிராமில் 'இது என்ன?' என்ற கேள்வி மட்டுமே வருகிறது என்றால், படத்தைத் தொடாத குறிப்பை எழுதியிருக்கிறீர்கள். இரண்டிலும் குறிப்பைப் பிறகு திருத்தலாம், ஆனால் முதல் நாள் வந்து போனவர்கள் திரும்பி வந்து படிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இணைப்பு கொடுக்க நினைத்தால் வேறுபாடு இன்னும் எளிது. லிங்க்ட்இன் பதிவில் அது சொடுக்கக்கூடியதாக இருக்கும். இன்ஸ்டாகிராம் குறிப்பில் வெறும் எழுத்தாகக் கிடக்கும், அங்கே எழுதுவது இட வீண்.

வெளியிடும் முன் ஒரு வேலை மிச்சம் இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்தத் தாளின் மேல் ஓரத்தில் இரண்டு பெயர்களும் ஒரு முகவரியின் பாதியும் படிக்கக்கூடியதாக இருந்தன. கைகளும் கருவியும் மட்டும் தெரியும்படி வெட்டினோம். பதிவேட்டின் உரிமையாளரிடமும், பெயர் குறிக்கலாமா என்று அந்தச் சக ஊழியரிடமும் அவர் கேட்டுக்கொண்டார். சக ஊழியர் லிங்க்ட்இனுக்குச் சம்மதித்து, இன்ஸ்டாகிராமுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கே 'என் சக ஊழியர்' என்று பெயரில்லாமலே விட்டோம்.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது. லிங்க்ட்இனில், அதே வேலையைச் செய்யும் அறியாத ஒருவர், ஈரப்பதம் ஊட்ட எவ்வளவு நேரம் விட்டீர்கள் என்று கேட்டிருந்தார். இன்ஸ்டாகிராமில் அவருடைய பள்ளித் தோழி எழுதியிருந்தது: "படத்தைப் பார்த்து நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்."