வெள்ளி வற்றிய டாலர்

சுங்கை சிப்புட் டவுனில் எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவரிடம் மூன்று பழைய டாலர் நாணயங்கள் இருக்கின்றன. ஒன்று 1903-இல் அடித்தது, அடுத்தது 1907-இல், மூன்றாவது 1920-இல். மூன்றிலும் ‘ஒரு டாலர்’ என்றுதான் பொறித்திருக்கிறது. ஆனால் கையில் வாங்கிப் பார்த்தாலே எடை இறங்கிக்கொண்டே போவது தெரியும். அடித்தபோது முதல் நாணயத்தின் எடை 26.95 கிராம், இரண்டாவது 20.21, மூன்றாவது 16.85. எடையை விடுங்கள், உள்ளே இருக்கும் சுத்த வெள்ளியைக் கணக்குப் போட்டால் கதை இன்னும் மோசம்: 24.3 கிராம், 18.2 கிராம், கடைசியில் வெறும் 8.4 கிராம்.

(நம் ஊர்ப் பேச்சில் காசையே வெள்ளி என்போம். குழப்பம் வராமலிருக்க, இந்தக் கட்டுரையில் வெள்ளி என்றால் உலோகம். காசை டாலர் என்றே எழுதுகிறேன்.)

பதினேழு ஆண்டுகளில் டாலருக்குள் இருந்த வெள்ளி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஆனாலும் மூன்று டாலரும் பிரிட்டிஷ் காசில் அதே 2 ஷில்லிங் 4 பென்சுக்குத்தான் சென்றன. மக்கள் ஏன் வாங்கினார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால், வெள்ளியே இல்லாத காகிதத்தை ஏன் வாங்கினார்கள் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் உலோகத்துக்கு வருவோம். தங்கமும் வெள்ளியும் பளபளப்பாக இருப்பதால் பணமாகவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் கொடுப்பதை ஏமாறாமல் வாங்க முடிந்ததால்தான் ஆயின. பத்தர் செய்வதைப் பாருங்கள். நகையை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுக்கிறார். பக்கத்திலேயே தரம் தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம். பித்தளைக் கோடு பச்சையாகி மறைந்துபோகும். 22 காரட் கோடு அப்படியே நிற்கும். அரை நிமிட வேலை. இன்னும் சந்தேகம் இருந்தால் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்க்கலாம். 19.3 கிராம் சுத்தத் தங்கம் தண்ணீரில் ஒரு கிராம் குறைவாகக் காட்டும். அதே எடையுள்ள காரீயம் 1.7 கிராம் குறைவாகக் காட்டும். பழைய காலத்தில் மலிவான எந்த உலோகத்துக்கும் தங்கத்தின் கனம் கிடையாது. டங்ஸ்டன் மட்டும் 19.25 என்று கிட்டத்தட்ட ஒட்டி வந்து தண்ணீர்ச் சோதனையை ஏமாற்றும். அதை உலோகமாகப் பிரித்தெடுக்கவே பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வரை ஆனது, ஆகவே அரசர்கள் பிழைத்தார்கள்.

சோதிப்பது சுலபம் என்பது மட்டும் போதாது. நம்ம கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க ஈயம். மலாக்கா சுல்தான்கள் ஈயத்தில் காசு அடித்தார்கள். பகாங்கில் தொப்பி வடிவ ஈயக்காசு புழங்கியது. ஆனாலும் ஈயம் ஊர்ச் சந்தையைத் தாண்டி வெகுதூரம் பணமாகப் போகவில்லை. கொஞ்சம் மதிப்புக்கே மூட்டை கட்ட வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், விலை ஏறினால் இன்னும் நாலு லம்பம் திறந்து தோண்டித் தள்ளிவிடலாம். தங்கத்தில் அது நடக்காது. துருப்பிடிக்காததால் மூவாயிரம் ஆண்டுக்கு முன் எடுத்ததும் இன்னும் யாரிடமோ இருக்கிறது. அந்த மொத்த இருப்போடு ஒப்பிட்டால் ஓர் ஆண்டில் புதிதாகத் தோண்டுவது இரண்டு சதவீதம்கூட இல்லை. ‘அடுத்த வருஷமும் இதை யாராவது வாங்கிக்கொள்வார்கள்’ என்று நம்ப அது போதும். எல்லோரும் அப்படி நம்புவதால் எல்லோரும் வாங்குகிறார்கள்.

அப்புறம் நாணயம். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் உரைகல்லைத் தேட முடியாதல்லவா? எடையும் தரமும் இவ்வளவு என்று ஒரு முத்திரை சொல்லிவிட்டால் எண்ணி வாங்கிப் போகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கு முதல் மணிலா வரை அந்த வேலையைச் செய்தது மெக்சிகோ டாலர். எங்கோ இருந்த மெக்சிகோவின் அரசை இங்கே யாரும் மதித்ததால் அல்ல. அதன் எடையும் தரமும் பல்லாண்டுகளாக மாறவில்லை என்பதால். அப்படியும் சீன வணிகர்கள் நாணயத்தைப் பலகையில் தட்டி ஓசை கேட்டு, தேறினால் தங்கள் முத்திரையைக் குத்தி அனுப்புவார்கள். முகம் தெரியாமல் குத்து விழுந்த டாலர்கள் இன்றும் பழங்காசு விற்பவர்களிடம் கிடைக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் ஓட்டை 1870-களில் தெரிந்தது. ஐரோப்பிய நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கத்துக்கு மாறின, அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி கொட்டியது. 1870-களின் தொடக்கத்தில் நான்கு ஷில்லிங்குக்கு மேல் பெற்ற டாலர், 1902 இறுதியில் இரண்டு ஷில்லிங்கைக்கூடத் தொடவில்லை. மலாயாவில் சம்பாதித்துப் பவுண்டில் கடன் கட்ட வேண்டியவனுக்கு ஆண்டுக்காண்டு கழுத்தில் கத்தி.

1903-இல் நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்கம் சொந்த டாலர் அடித்தது. பத்தரிடம் இருக்கும் முதல் நாணயம் அதுதான். மெக்சிகோ டாலர் உள்ளே வரத் தடை, புதிய டாலர் வெளியே போகத் தடை. 1904-இல் மெக்சிகோ டாலர் செல்லாது என்றாயிற்று. பிறகு அரசாங்கம் ஒரு நுட்பமான காரியம் செய்தது: புதிய டாலரைத் தாராளமாக அடிக்காமல் இறுக்கிப் பிடித்தது. கூலி கொடுக்க, வரி கட்ட, ரயில் டிக்கெட் வாங்க இந்த டாலர்தான் வேண்டும், ஆனால் கிடைப்பதோ அளவாக. ஆகவே நாணயத்தின் மதிப்பு உள்ளிருக்கும் வெள்ளியின் மதிப்பைத் தாண்டி ஏறத் தொடங்கியது. 1906-இல் அது 2 ஷில்லிங் 4 பென்சைத் தொட்டதும் அங்கேயே கட்டிவைத்தார்கள்: 60 டாலருக்கு 7 சவரன். நாம் பவுன் என்று எடை சொல்கிறோமே, அதே சவரன்.

இதில் ஒரு கண்ணி இருந்தது. 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்றால் 28 பென்ஸ். 1903 டாலரில் உள்ள வெள்ளியை லண்டன் சந்தை விலை சொல்லும் 92.5 சதவீத வெள்ளியின் அவுன்சாக மாற்றினால் 0.84 அவுன்ஸ். 28-ஐ 0.84-ஆல் வகுத்துப் பாருங்கள்: வெள்ளி அவுன்சுக்கு 33 பென்சைத் தாண்டினால் டாலரைச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பது லாபம். 1906 கடைசியில் விலை அந்த எல்லையை நெருங்கிவிட்டது. இப்படி நடக்கும்போது அடையாளம் ஒன்றுதான்: கனமான நாணயம் சந்தையிலிருந்து மாயமாகும், தேய்ந்ததும் இலேசானதும் மட்டும் கைமாறும். உடனே 1907-இல் 20.21 கிராம் டாலர் வந்தது. அதற்கு உருக்கும் எல்லை 44 பென்ஸ். முதல் உலகப் போர் அதையும் உடைத்தது. 1920 பிப்ரவரியில் வெள்ளி 89½ பென்சுக்குப் போனது. பாதி வெள்ளி, பாதி மலிவு உலோகம் என்று அடித்த மூன்றாவது டாலரின் எல்லை சுமார் 95 பென்ஸ். மயிரிழையில் தப்பியது.

கவனியுங்கள், இங்கே வெள்ளி தலைகீழாக நிற்கிறது. முன்பு நாணயத்துக்கு மதிப்பு தந்த அதே உலோகம் இப்போது நாணயத்துக்கு ஆபத்து. மதிப்பைத் தாங்கியவை மூன்று: வரி கட்ட இந்த டாலர்தான் வேண்டும் என்ற தேவை, எத்தனை டாலர் வெளியே விடுவது என்ற கட்டுப்பாடு, 60-க்கு 7 என்று மாற்றித்தரும் சாளரம். அப்படியானால் உள்ளே வெள்ளி எதற்கு?

நோட்டு அந்த இடத்தில்தான் பொருந்தியது. நாணய ஆணையர்கள் 1899-இலேயே அரசாங்க நோட்டு வெளியிடத் தொடங்கியிருந்தார்கள். சிங்கப்பூரில் 7 சவரன் மதிப்பைக் கொடுத்தால் 60 டாலர் நோட்டு. நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் லண்டனில் பவுண்டாக எடுத்துக்கொள்ள உண்டியல் சீட்டு. கையிருப்பில் பெரும்பகுதி லண்டனில் கடன் பத்திரங்களாகக் கிடந்தது. 1928-இல் தோட்டத்து ஆண்களுக்கு நாளுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு என்று பல இடங்களில் தரக்கூலி நிர்ணயித்தார்கள். இரண்டு நாள் பால்வெட்டி ஒரு டாலர் வாங்கியவருக்கு லண்டன் சாளரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. டவுன் தவுக்கே அரிசிக்கு அந்த நோட்டை வாங்கினான். தவுக்கேயிடமிருந்து மொத்த வியாபாரி வாங்கினான். அவனிடமிருந்து வங்கி வாங்கியது. கடைசி ஆளுக்குச் சாளரம் திறந்திருந்தால் முதல் ஆள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே வேண்டாம்.

சாளரம் இல்லாத காகிதம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை 1942-இல் இதே ஊர்கள் பார்த்தன. ஜப்பான்காரன் காலத்துப் பத்து டாலர் நோட்டில் குலையோடு வாழைமரம். கேட்டவுடன் கொடுப்பதாக ஜப்பானிய அரசாங்கம் உறுதியளிக்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. எங்கே போய் எதைக் கேட்பது என்று மட்டும் இல்லை. பின்னால் வந்த நோட்டுகளில் வரிசை எண்ணே கிடையாது, வெறும் எழுத்துகள். எத்தனை அடித்தோம் என்று எண்ணும் எண்ணமே அவர்களுக்கு இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முதலில் நூறு டாலர் நோட்டு, அப்புறம் ஆயிரம். கடைசி ஆண்டில் வாங்கிய காசை அன்றே அரிசியாகவோ துணியாகவோ மாற்றாதவர் பாடு திண்டாட்டம்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் வாழைமர நோட்டு செல்லாது என்றார்கள். ஆனால் போருக்கு முந்தைய மலாயா நோட்டைத் துணிக்குள் சுருட்டி ஒளித்துவைத்திருந்தவர்களுக்கு அது முழு மதிப்புக்கும் செல்லுபடியானது. இரண்டும் காகிதம்தான். ஒன்றின் கையிருப்பு ஜப்பான் படை தொட முடியாத லண்டனில் இருந்தது, மற்றதற்குக் கையிருப்பே இல்லை.

லண்டனில் இருந்தது எப்போதும் நல்லதாகவும் முடியவில்லை. 1967 ஜூன் 12-இல் பேங்க் நெகாரா புதிய மலேசிய டாலரை வெளியிட்டது. பழைய நோட்டும் ஒன்றுக்கு ஒன்று என்று கூடவே புழங்கியது. நவம்பர் 18-இல் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. பழைய நோட்டு பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் இறங்கி 85 காசாயிற்று. புதிய நோட்டின் மதிப்பைத் தங்கத்தில் அறிவித்திருந்தார்கள், அது இறங்கவில்லை. ஒரே பையில் இருந்த இரண்டு பத்து டாலர் நோட்டில் ஒன்று ஒரே வாரத்தில் எட்டரை டாலர். வங்கிக்குப் போய் மாற்றிக்கொள்ளாமல் தகரப் பெட்டியில் சேர்த்துவைத்த ஏழைகளிடம்தான் பழைய நோட்டு அதிகம் தங்கியிருந்தது. நவம்பர் 24-இல் பினாங்கில் கடையடைப்பு நடந்து, அது கலவரமாகி, உயிர்களும் போயின.

1973-இல் பவுண்டு, தங்கம் எல்லாப் பிடியையும் விட்டு நம் காசு மிதக்கத் தொடங்கியது. இன்றைய ரிங்கிட் நோட்டில் எதையும் கொடுப்பதாக உறுதிமொழி இல்லை. இந்த மதிப்புக்குச் சட்டப்படி செல்லும் என்று மட்டுமே இருக்கிறது. மாற்றித்தரும் சாளரம் போய்விட்டது. 1903-இல் டாலரைத் தூக்கி நிறுத்திய மற்ற இரண்டு காரணங்கள்தான் இப்போது வேலை செய்கின்றன: வரியை அரசாங்கம் ரிங்கிட்டில் வாங்குகிறது, எவ்வளவு வெளியே விடுவது என்பதை பேங்க் நெகாரா பிடித்துவைத்திருக்கிறது.