வரைபடத்தில் நனையாத நாகப்பட்டினம்

கடல்மட்டம் உயர்ந்தால் நாகப்பட்டினத்தில் எதுவரை தண்ணீர் வரும் என்று காட்டும் வரைபடங்கள் இணையத்தில் உலவுகின்றன. நீலம் பூசிய பகுதிகளைப் பார்த்து மக்கள் பதறுகிறார்கள். நில வரைபடம் தயாரிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு நீலம் படாத பகுதிகள்தான் கவலை தருகின்றன. அவற்றில் பல இடங்கள் உண்மையில் மேடே அல்ல.

இவ்வகை வரைபடத்துக்கு அடிப்படை, நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் சொல்லும் உயர மாதிரி. பலரும் எடுப்பது, 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் கொண்டு அளந்த எஸ்ஆர்டிஎம். இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கட்டம் 30 மீட்டர் சதுரம், அதாவது ஏறத்தாழ 22 சென்ட். பல வீடுகளும் ஒரு தெருவும் அதற்குள் அடங்கிவிடும். "என் வீடு மூழ்குமா?" என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பெரிய சிக்கல் உயரத்தில் இருக்கிறது. ரேடார் அலை தரையைத் தேடிப் போவதில்லை. கூரையில் பட்டுத் திரும்பும். மரமென்றால் இலைத்திரளுக்குள் எங்கேயோ பட்டுத் திரும்பும். நாகை கடற்கரையில் சவுக்குத் தோப்பு உள்ள இடத்தில் கரையிலிருந்து உள்நாடு நோக்கி ஒரு கோடு இழுத்து உயரங்களை வரைந்து பாருங்கள். தோப்பு ஒரு மதில்போல எழுந்து நிற்கும்; அதைத் தாண்டியதும் வயல் சட்டென்று தாழும். கோட்டைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் மதில் தொடங்கும் இடமும் மரங்கள் தொடங்கும் இடமும் ஒன்றாக இருக்கும். நெருக்கமான கடைத்தெருவும் இப்படியே உயர்ந்து தெரியும். பிழை பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கிறது: நிலத்தை உயர்த்திக் காட்டி ஊரைக் காப்பாற்றிவிடுகிறது. வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் இது அம்பலமானது. இந்த மாதிரியை நம்பிச் சராசரி உயரம் சுமார் 2.6 மீட்டர் என்று கொண்டிருந்தார்கள். தரையில் அளந்த உயரங்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வு அது சுமார் 0.8 மீட்டர்தான் என்றது.

இன்னொன்று, எஸ்ஆர்டிஎம் உயரங்கள் முழு மீட்டரில் பதிவானவை. 2100க்குள் உலகச் சராசரியாகக் கடல் 0.3 முதல் 1 மீட்டர் வரை உயரலாம் என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் கணிப்பு. 0.3 மீட்டருக்கும் 0.9 மீட்டருக்கும் இந்த மாதிரியில் ஒரே படம்தான் வரும். 1 மீட்டரைத் தாண்டியதும் திடீரென்று பெரும்பரப்பு நீலமாகும். அது கடலின் பாய்ச்சல் அல்ல, எண்ணின் பாய்ச்சல்.

கட்டடத்தையும் மரத்தையும் கழித்துத் திருத்திய ஃபேப்டெம் என்ற இன்னோர் உயர மாதிரி இதைவிட மேல். ஆனாலும் பிழை நீங்காது. துறையில் ஒரு கணக்கு உண்டு: மாதிரியின் சராசரி வர்க்கமூலப் பிழையை 1.96ஆல் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கு. அதற்குக் குறைந்த உயர்வைத் தனிக் கோடாக வரையாதே. பிழை 1 மீட்டரென்றால் 3.9 மீட்டர் ஆகிறது. விமானத்திலிருந்து லேசரால் அளந்து பிழை 0.15 மீட்டராகக் குறைந்தால் 0.6 மீட்டர். அரை மீட்டர் உயர்வைத் தெருத்தெருவாகக் காட்டும் இலவச வரைபடத்தை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

நீர்மட்டத்தையும் கவனமாகக் கூட்ட வேண்டும். 0.6 மீட்டர் உயர்வோடு அமாவாசை, பௌர்ணமி ஓதத்துக்கு 0.4 என்று வைத்துச் சேர்த்தால் 1 மீட்டர். எந்தப் பூஜ்ஜியத்திலிருந்து என்பதையும் கேட்க வேண்டும். இந்திய அளவைத் துறையின் பழைய உயரங்கள், 1909இல் ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டத்தோடு பொருத்தப்பட்டவை. அவற்றில் நாகப்பட்டினமும் ஒன்று. உயர மாதிரியின் பூஜ்ஜியம் வேறு. இன்றைய கடல்மட்டமும் வேறு.

பிறகு, தாழ்ந்த கட்டங்களையெல்லாம் நீலமாக்கினால் கடலோடு தொடர்பே இல்லாத பள்ளமும் மூழ்கிவிடும். கடலில் ஒரு புள்ளியிலிருந்து நீரைப் பரவவிடுவதே சரி. கிராஸ் மென்பொருளில்:

```
r.lake elevation=dem water_level=1.0 lake=vellam coordinates=380000,1190000
```

இங்கேயும் பொறி இருக்கிறது. கடுவையாற்றின் மேலுள்ள பாலம் மாதிரியில் அணையாக நின்று நீரை மறிக்கும். 30 மீட்டருக்குக் குறுகிய வாய்க்கால்கள் பதிவாகவே ஆகாது. 2004 சுனாமியில் முகத்துவாரங்கள் வழியே உப்புநீர் உள்ளே ஏறியதைக் கண்ட ஊர் இது. அதனால் நீரைப் பரவவிடுவதற்கு முன்பே பாலங்களைக் கையால் வெட்டித் திறந்து, ஆறுகளையும் வாய்க்கால்களையும் தாழ்த்தி வரைகிறேன். மதகுகள் திறந்திருந்தால் ஒரு படம், மூடியிருந்தால் ஒரு படம்.

முடிவில் ஒற்றை நீலத்தை நான் தருவதில்லை. பிழையைக் கணக்கில் கொண்டும் நனையும் இடம் அடர்நீலம். பிழையின் எல்லைக்குள் வருவது வெளிர்நீலம். நாகையில் வெளிர்நீலமே அதிகப் பரப்பு. அங்கே மருத்துவமனையோ துணைமின்நிலையமோ கட்டுவதற்கு முன், அளவைத் துறையின் குறிகல்லிலிருந்து மட்டம் பார்த்து அந்த மனையின் உயரத்தை அளக்கச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் ஏறி நிற்பதால் வடியாமல் தேங்கும் ஆற்றுநீர் இந்த இரண்டு நிறங்களிலும் சேரவில்லை என்பதையும் வரைபடத்தின் மேலேயே எழுதிவிடுகிறேன்.