நாள்வழி: ‘ராப் ரிப்போர்ட்’டுக்கு நம்மிடம் இருக்கும் பெயர்

படப்பிடிப்புத் தளத்தில் மாலை இயக்குநர் “பேக்கப்” என்று சொன்னதும் லைட்மேன்கள் கேபிளைச் சுருட்டத் தொடங்குவார்கள். தயாரிப்பு மேலாளருக்கு அப்போதுதான் எழுத்து வேலை ஆரம்பம். அன்று எத்தனை மணிக்கு முதல் ஷாட், எத்தனை காட்சி முடிந்தது, எவ்வளவு ஃபுட்டேஜ் எடுத்தோம், பேசிய நேரத்தைத் தாண்டினோமா என்பதையெல்லாம் ஒரு தாளில் இறக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதை ராப் ரிப்போர்ட் என்றும் டெய்லி ப்ராக்ரஸ் ரிப்போர்ட் என்றும் சொல்வார்கள். நம்மவர்கள் பலருக்கு அது ‘டி.பி.ஆர்.’

‘ராப்’ என்றால் சுற்றிக் கட்டுவது. கடையைக் கட்டுவது என்று நாம் சொல்கிறோமே, அதே பொருளில்தான் வேலையை முடிப்பதற்கு அந்தச் சொல் வந்தது. ‘வைண்ட், ரீல் அண்ட் பிரிண்ட்’ என்பதன் முதலெழுத்துகள்தான் ராப் என்று யூனிட்டில் சிலர் அடித்துச் சொல்வார்கள். அது பின்னால் கட்டிய கதை.

ஆங்கிலத்தில் ஒரு நாள் வேலை முடிந்தாலும் ராப், படமே முடிந்தாலும் ராப். தமிழில் இரண்டும் வேறு. நாள் முடிந்தால் பேக்கப். படம் முடிந்தால் பூசணிக்காய் உடைப்போம். “பூசணிக்காய் உடைச்சாச்சா?” என்று யாராவது கேட்டால், இனி அந்தப் படத்துக்கு ஷூட்டிங் பாக்கி இல்லையே என்று கேட்கிறார் என்பது கும்பகோணத்து டீக்கடைக்காரருக்கும் தெரியும். ஆகவே அன்றாட ராப் ரிப்போர்ட்டை ‘நிறைவு அறிக்கை’ என்று மொழிபெயர்ப்பது தப்பாகப் போகும். படிப்பவர் படமே முடிந்துவிட்டது என்று நினைப்பார். ‘தினப்படிக் குறிப்பு’ அழகான பெயர்தான். ஆனால் படி என்றால் எங்கள் தொழிலில் பேட்டா. தலைப்பைப் பார்த்ததும் பேட்டா பட்டியல் என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

எனக்குச் சரியாகப் படுவது ‘நாள்வழி’. தஞ்சாவூர்ப் பக்கம் மிராசு வீடுகளிலும் நெல் மண்டிகளிலும் கணக்குப்பிள்ளைகள் கையாண்ட சொல் இது. அன்றன்று நடந்த வரவு செலவை நடந்த வரிசையில் எழுதுவது நாள்வழி. பிறகு அதிலிருந்து ஆள்வாரியாக, இனவாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. தயாரிப்பு அலுவலகத்திலும் இதே முறைதான்: தளத்தில் எழுதும் அன்றாடத் தாள் நாள்வழி, அதைப் பார்த்துச் சென்னையில் ஏற்றும் செலவுக் கணக்கு பேரேடு. மண்டிக் கணக்குக்கும் படக் கணக்குக்கும் விதி ஒன்றே. அன்றைய பதிவை அன்றே எழுத வேண்டும், எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் இரு பக்கமும் நேராக வேண்டும்.

நேராவது எப்படி என்பதற்கு என் கையால் எழுதிய ஒரு நாளையே சொல்கிறேன். புரட்டாசி மாதம், திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நடவுக் காட்சி ஒன்று, வாய்க்கால் கரைக் காட்சி ஒன்று, பொழுது சாய்ந்து திண்ணையில் ஒன்று, ஆக மூன்று காட்சி. 7 மணிக்கு முதல் ஷாட், 6 மணிக்குப் பேக்கப் என்பது திட்டம். ஜெனரேட்டர் வண்டி ஊருக்குள் வரும் வழியில் வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. “அண்ணே, இந்தப் பாலம் தாங்காதுண்ணே” என்று டிரைவர் இறங்கியே விட்டார். சுற்றுப்பாதையில் வண்டி வந்து சேர்ந்து முதல் ஷாட் வைத்தபோது 7.50. நடவுக்கு வந்த பெண்கள் அதுவரை சேற்றில் இறங்காமல் வரப்பில் நாற்று முடிகளோடு நின்றார்கள். மதியம் 2.40-க்கு மழை பிடித்து 3.25-க்கு விட்டது. வெளிச்சம் போனபோது வாய்க்கால் கரையில் இரண்டு ஷாட் எடுக்காமல் நின்றது. திண்ணைக் காட்சியை லைட் போட்டு முடித்துப் பேக்கப் சொன்னபோது 7.10.

மறுநாள் காலை அவசரத்தில், முந்தைய நாளின் தாளில் நான் எழுதியது: “மழை. 70 நிமிடம் கூடுதல்.”

இதை நேராக்கிப் பாருங்கள். காலையில் போனது 50 நிமிடம், மழையில் போனது 45. மொத்தம் 95. மறுபக்கம் 6 மணிக்கு மேல் வேலை செய்தது 70 நிமிடம். எடுக்காமல் விட்ட இரண்டு ஷாட்டுக்குத் திட்டத்தில் ஒதுக்கியது 25. கூட்டினால் அதே 95. போன நேரம் ஒரு பக்கம், அது எங்கே போய் நின்றது என்பது மறுபக்கம். இரண்டும் சமமானால்தான் அன்றைய நாள்வழி சரி. நான் எழுதியதில் 45 நிமிட மழை 70 நிமிடத்தைத் தின்றதாக வருகிறது. அப்படி ஒரு பக்கம் இடித்தால், ஏதோ ஒரு காரணம் எழுதப்படாமல் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அலுவலகம் மழையைத்தானே படித்தது? பத்து நாள் கழித்து அதே போன்ற இன்னொரு பாலத்துக்கு அப்பால் லொகேஷன் போட்டார்கள். அங்கேயும் அதே வண்டி நின்றது. என் தாளில் பாலம் என்ற சொல் இருந்திருந்தால் சின்ன வண்டி கேட்டிருப்பார்கள். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இதே கணக்கில் இன்னொரு சொல்லும் பிரிகிறது. ஆங்கிலத்தில் ஓவர்ரன் என்ற ஒரே சொல்லில் அடைப்பதை, நாம் ‘கூடுதல்’, ‘பாக்கி’ என்று இரண்டாக எழுதலாம். கூடுதல் என்பது அன்றைக்கே பணமாக விழுவது. ஒப்பந்தத்தைப் பொறுத்து அரைக் கால்ஷீட்டாகவோ கூடுதல் பேட்டாவாகவோ ஏறும். பாக்கி அன்றைக்குச் செலவாகத் தெரியாது. நடிகரின் தேதி, வயலில் நடவு முடிந்துவிட்ட நிலை என்று பின்னொரு நாளில் வந்து கேட்கும். அந்த இரண்டு ஷாட்டுக்கு நாங்கள் திரும்பிப் போனபோது பின்னால் தெரிய வேண்டிய வயலில் பயிர் வளர்ந்து பச்சை கட்டிவிட்டது. கேமராவை வேறு பக்கம் திருப்பித்தான் எடுத்தோம்.

ஃபுட்டேஜ் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபுட் என்றால் அடி. ஃபிலிமை அடிக்கணக்கில் அளந்ததால் வந்த பெயர். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆகவே 400 அடி ரோல் நாலரை நிமிடம்கூடத் தாங்காது. அன்று நாங்கள் டிஜிட்டலில் எடுத்தது 52 நிமிடம். ஃபிலிமாக இருந்தால் 4,680 அடி, ஏறக்குறைய 12 ரோல். அந்தக் காலத்தில் ஓகே ஆனது எத்தனை அடி, சரியில்லை என்று தள்ளிய என்.ஜி. எத்தனை அடி, வீண் எத்தனை அடி, ரோலில் மிஞ்சியது எத்தனை அடி என்று தனித்தனியாக எழுதுவார்கள். நான்கையும் கூட்டினால் காலையில் வாங்கிய ஸ்டாக் வர வேண்டும். இப்போது கார்டு மலிவு என்று பலர் மொத்த நிமிடத்தை மட்டும் எழுதிவிடுகிறார்கள். ஓகே, என்.ஜி. பிரிவை விடக்கூடாது என்பேன். 52 நிமிடத்தில் ஓகே 9 நிமிடம்தான் என்று தெரிந்தால்தான், அன்று நேரம் தின்றது மழையா, ஒரே ஷாட்டின் பதினெட்டு டேக்கா என்று பிடிபடும். தமிழில் இந்தக் கட்டத்துக்கு ‘எடுத்த அளவு’ என்று தலைப்புப் போட்டால் போதும். அடியோ நிமிடமோ, எதை எழுதினாலும் பொருந்தும்.

இப்போது என் தாளில் மேலே ‘நாள்வழி’ என்று எழுதி, கீழே போன நேரம், கூடுதல், பாக்கி என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். ஜெனரேட்டர் டிரைவரிடமும் லைட்மேன் தலைவரிடமும் கேட்டு, வண்டி கிளம்புவதற்கு முன் தளத்திலேயே நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.