சிரிப்பு நினைவிருந்தது, லிட்டர் நினைவில்லை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். மழைக்காலம் வந்தால் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கும் தேவனாம்பட்டினம் பக்கத்துக் குழுக்கள் சிலவற்றுக்கும் உடல்நலக் குறிப்புகள் எழுதி அனுப்புவேன். தண்ணீர் தேங்கி, குழாய்த் தண்ணீரில் கலங்கல் வரும் நாட்களில் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வயிற்றுப்போக்கு என்றுதான் வருவார்கள். அதனால் ஓ.ஆர்.எஸ். பற்றி எழுதாத மழைக்காலமே கிடையாது.

சில வருடங்களுக்கு முன்பு அந்தக் குறிப்பைக் கொஞ்சம் கலகலப்பாக எழுதினேன். கல்யாணப் பந்தியில் மூன்று முறை பிரியாணி வாங்கிய ஒரு பெரியப்பா. மறுநாள் அவர் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடந்த நடையில் சில்வர் பீச்சுக்கே இரண்டு தடவை போய் வந்திருக்கலாம் என்று ஆரம்பித்து, பெரியம்மாவின் வசனங்களோடு பதினைந்து வரி. அதற்கு அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தேன். ஒரே நாளில் எங்கெங்கோ பகிர்ந்தார்கள். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் பெரியப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள்.

நாலு நாள் கழித்து ஒரு அம்மா இரண்டரை வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நாக்கு காய்ந்து கிடந்தது, சிணுங்கிக்கொண்டே இருந்தான்.

"நீங்க எழுதினதைப் பார்த்துட்டுத்தான் அண்ணா பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க இன்னும் அதிகமாப் போகுது."

"எதுல கலக்கினீங்கம்மா?"

"டம்ளர்லதான்."

"ஒரு டம்ளருக்கு முழுப் பாக்கெட்டா?"

"ஆமா. அப்படித்தானே போட்டிருந்தீங்க?"

அப்படிப் போடவில்லை. ஒரு லிட்டர் என்றுதான் போட்டிருந்தேன். ஆனால் அது பதினேழாவது வரியில், 'மேலும் படிக்க' என்பதைத் தொட்டால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. பெரியப்பா சில்வர் பீச்சுக்கு நடந்த கதையை அந்த அம்மா அட்சரம் பிசகாமல் சொன்னார். பையனை உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன், இரண்டு நாளில் தேறி வந்துவிட்டான்.

டம்ளருக்கும் லிட்டருக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு பாக்கெட்டுக்கு 20.5 கிராம் தூள். அதில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, மீதி பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். இதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் அதன் அடர்த்தி ரத்தத்தின் அடர்த்தியைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும், குடல் அதைச் சுலபமாக உறிஞ்சிக்கொள்ளும். அதே தூளை 200 மில்லி டம்ளரில் போட்டால் ஐந்து மடங்கு அடர்த்தி. அப்போது குடலில் இருக்கும் கரைசல் உடம்பிலிருக்கும் தண்ணீரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். போக்கு கூடும், ரத்தத்தில் உப்பு ஏறும், குழந்தைக்குத் தாகம் அடங்காது. அந்த அம்மா சொன்ன "கொடுக்கக் கொடுக்க அதிகமாப் போகுது" இதுதான்.

அதாவது, அந்தப் பதிவில் உயிர் காக்கும் தகவல் ஒரே ஒரு எண்தான். அந்த எண்ணைத் தவிர மற்ற எல்லாம் வாசகர் மனதில் தங்கியது.

இது ஏன் நடக்கிறது என்று கல்வி உளவியலில் ஆராய்ந்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலருக்குப் பாடம் மட்டும். சிலருக்கு மின்னல் தாக்கியவர்கள் பற்றிய சுவாரசியமான துணுக்குகளும் சேர்த்து. துணுக்கு படித்தவர்களுக்கு மின்னல் உருவாகும் படிகள் குறைவாகவே நினைவிருந்தன. எனக்கு அதில் உபயோகமானது இன்னொரு முடிவு. துணுக்குகள் பாடத்தின் தொடக்கத்தில் இருந்தபோது கெடுதல் அதிகம், கடைசியில் வைத்தபோது குறைவு. தொடக்கத்தில் எதைப் படிக்கிறோமோ அதைச் சுற்றித்தான் மீதியை மனது அடுக்கிக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். என் பதிவு அப்படிப் பார்த்தால் பெரியப்பாவைப் பற்றிய பதிவு. ஓ.ஆர்.எஸ். அதில் ஒட்டிக்கொண்டிருந்த துணுக்கு.

அதற்காக வறட்டு மொழிக்குத் திரும்பவும் எனக்கு மனதில்லை. அதற்கு முந்தைய வருடங்களில் "வாய்வழி நீரேற்றக் கரைசலைத் தயாரிக்கும் முறை" என்று எழுதியதை ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆகவே வேடிக்கையை வைத்துக்கொண்டு அதன் இடத்தை மாற்றப் பார்த்தேன். நாலைந்து நாள் யோசித்து எழுதிய புதுப் பதிவு இப்படி ஆரம்பித்தது:

"ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கு வரன் பார்த்தாச்சு. மாப்பிள்ளை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். டம்ளர் வீட்டிலிருந்தும் பெண் கேட்டு வந்தார்கள், பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்றார்கள். கொடுக்க மாட்டோம். டம்ளரோடு கட்டிவைத்தால் குழந்தைக்குப் போக்கு இன்னும் கூடும்."

இதை யாராவது இன்னொருவருக்குச் சிரித்துக்கொண்டு சொன்னால் லிட்டர் என்ற சொல்லைச் சொல்லாமல் சொல்ல முடியாது. பெரியப்பா கதையை லிட்டர் இல்லாமலே சொல்லலாம். என் கணக்கில் ஒரு வேடிக்கை பதிவில் இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது இந்த ஒரு விஷயம்தான். தனியாக வெட்டி எடுத்து அனுப்பினாலும் தகவலும் கூடவே போகிறதா என்று பார்க்கிறேன். நம் ஊரில் முழுப் பதிவையும் யாரும் அனுப்புவதில்லை, பிடித்த நாலு வரியை வெட்டித்தான் அனுப்புகிறார்கள்.

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடைகளில் உண்டு. அதை ஒரு லிட்டரில் கரைத்தால் வெறும் தண்ணீர் மாதிரிதான், உப்பும் சர்க்கரையும் போதாது. மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆசிரியை இதைக் கேட்டபோது, வேடிக்கைக்காகத் தகவலை வளைத்துவிட்டேன் என்று புரிந்தது. சிரிப்பு வரவேண்டும் என்றால் விதிவிலக்கை விட்டுவிடத் தோன்றும். அதை விடவே கூடாது. அடுத்த பதிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: "பெரிய அக்காவுக்கு லிட்டர் பாட்டில், சின்னத் தங்கைக்கு 200 மில்லி டம்ளர். யாருக்கு யார் என்று பாக்கெட்டின் முதுகிலேயே எழுதியிருக்கும், கலப்பதற்கு முன் படியுங்கள்." முதல் வரன் கதையின் அழகு இதில் கொஞ்சம் குறைந்துதான் போனது. பரவாயில்லை, இப்போது அது சரியான தகவல்.

இன்னொன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நையாண்டியை மருந்துப் பதிவில் வைக்காதீர்கள். "வயிற்றுப்போக்கா? சொட்டுத் தண்ணீர் கொடுக்காதீர்கள், எல்லாம் தானே நின்றுவிடும்!" என்று கிண்டலாக ஒருவர் எழுதி அனுப்பியதைப் பார்த்தேன். நேரில் சொன்னால் குரலிலேயே கிண்டல் தெரியும். எழுத்தில் குரல் கிடையாது. அதோடு, போக்கு இருக்கும்போது தண்ணீர் கொடுத்தால் அதிகமாகும் என்று நம்புகிற பாட்டிமார்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் அந்த வரி பட்டால் கிண்டலாகத் தெரியாது, தாங்கள் சொன்னதே சரி என்பதற்குச் சாட்சியாகத் தெரியும். எந்தத் தப்பான நம்பிக்கை ஊரில் நிஜமாகவே உலவுகிறதோ, அதை வேடிக்கைக்காகக்கூட வாக்கியமாக எழுதக்கூடாது.

அதே போல, ஆபத்து அறிகுறிகள் வரும் இடத்தில் எல்லா விளையாட்டையும் நிறுத்திவிடுகிறேன். குழந்தை துவண்டு கிடந்தால், கண் குழி விழுந்தால், குடிக்க முடியாமல் போனால், கொடுத்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே மருத்துவமனை. இந்த வரிகளைத் தனிப் பத்தியாக, வேறு எதுவும் சேர்க்காமல் எழுதுகிறேன். வாசிக்கிறவர் அதுவரை சிரித்துக்கொண்டு வந்தவர் என்பதால், நடை மாறியதுமே நிமிர்ந்து உட்காருகிறார். இதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை, கடையில் பேசும்போது குரல் தாழ்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஓ.ஆர்.எஸ். வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே எடுத்து ஊட்டினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இதைப் பதிவின் முதலில் வைக்கத்தான் ஆசை. ஆனால் இது படிக்கிறவருக்குக் கலக்கத் தெரிந்துகொள்ள உதவாது. அதனால் கடைசிப் பத்தி. அதுவரை வந்தவர் ஏற்கெனவே அளவைத் தாண்டித்தான் வந்திருப்பார்.

பதிவு வேலை செய்கிறதா என்று பார்க்க எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். மூன்று நாள் கழித்து கடைக்கு வருகிற நாலு பேரிடம், "அந்தப் பாக்கெட்டை எப்படிக் கலக்கணும், சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிறேன். வரன் பதிவுக்கு முதல் தடவை நாலில் மூன்று பேர் லிட்டர் பாட்டில் என்றார்கள். நாலாவது ஆள் தண்ணீர் பாட்டில் என்றார், எவ்வளவு பெரியது என்று தெரியவில்லை. அரை லிட்டர் பாட்டிலும் பாட்டில்தானே. அப்புறம்தான் காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைச் சேர்த்தேன். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்ற வரியும் அந்தப் படத்தின் மேலேயே இருக்கிறது.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்துக் கொடுக்கும் துத்தநாக மாத்திரைக்கு மட்டும் இன்னும் வேடிக்கை அமையவில்லை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், 14 நாள். மூன்றாம் நாளே போக்கு நின்றுவிடுவதால் அம்மாக்கள் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். மாமியார், மருமகள், பஸ் டிக்கெட் என்று எதையெதையோ எழுதிப் பார்த்தேன். கேட்டவர்களுக்கு மாமியார்தான் நினைவிருந்தார், 14 நினைவில்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டு வெறுமனே "போக்கு நின்றாலும் 14 நாள்" என்று விட்டிருக்கிறேன். மாத்திரை கொடுக்கும்போது கவரின் மேல் பேனாவால் 14 கட்டம் போட்டு, முதல் கட்டத்தில் நானே டிக் அடித்துக் கொடுக்கிறேன்.