வாழ்த்து உங்களுக்கா, உங்கள் தகப்பனாருக்கா?

பொங்கல், தீபாவளி நெருங்கினால் போதும். வெள்ளவத்தைப் புடைவைக் கடையிலிருந்தும் செட்டியார் தெரு நகைக்கடையிலிருந்தும் "அன்பின் கந்தையா" என்று எஸ்எம்எஸ் வந்து விழுகிறது. வாங்கிப் படிப்பவர் சிவகுமார். கந்தையா அவருடைய தகப்பனார், அவர் காலமாகியும் இருக்கலாம். அந்த வாழ்த்தைப் படிக்கும் மகனுக்கு எப்படி இருக்கும்?

மென்பொருள் கேட்கும் First Name, Last Name என்ற இரண்டு கட்டங்களில்தான் வினை தொடங்குகிறது. "முதலில் இருப்பது அவருடைய பெயர், பின்னால் இருப்பது குடும்பப் பெயர்" என்று பட்டியல் தயாரிப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது ஐயா! கந்தையா சிவகுமாரில் பின்னால் நிற்பதுதான் அவர் பெயர். அப்படியானால் எல்லோருக்கும் Last Name-ஐ எடுத்துவிடலாமா என்றால் அதுவும் சரிவராது. மாலதி சிவகுமாரில் பின்னால் இருப்பது கணவர் பெயர். மரியதாஸ் பெர்னாண்டோவில் உண்மையிலேயே குடும்பப் பெயர். முகம்மது சலீமை வெறும் "முகம்மது" என்று கூப்பிட்டால், பட்டியலில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கொழும்பில் ஒரே கடையின் பட்டியலில் இந்த நால்வரும் அடுத்தடுத்த வரிசையில் இருப்பார்கள். எந்தச் சூத்திரத்தாலும் இவர்களைப் பிரித்தறிய முடியாது.

ஆகவே "அழைக்கும் பெயர்" என்று தனியாக ஒரு நிரல் போடுங்கள். பில் எழுதும்போதே "உங்களை எப்படிக் கூப்பிடுவது?" என்று கேட்டு அதில் பதியுங்கள். பழைய பட்டியல் என்றால் ஆள் ஒருவர் உட்கார்ந்து பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.

அடுத்தது வேற்றுமை உருபு. பெயருக்குப் பின்னால் "க்கு" ஒட்டிவிட்டால் முடிந்தது என்று நினைத்து "செல்வம்க்கு", "கமலாக்கு", "சிவகுமார்க்கு" என்று அனுப்புகிறார்கள். வரவேண்டியது செல்வத்துக்கு, கமலாவுக்கு, சிவகுமாருக்கு. கொஞ்சம் கெட்டிக்காரர்கள் "ம் என்று முடிந்தால் த்துக்கு" என்று விதி எழுதுவார்கள். அது செல்வத்துக்கும் சண்முகத்துக்கும் பொருந்தும், சலீமிடம் மாட்டிக்கொள்ளும்: "சலீத்துக்கு". ராம் "ராத்துக்கு" ஆகிவிடுவார்.

இதற்கு இலக்கணப் புத்தகம் வேண்டியதில்லை. பெயரைத் தொடாதீர்கள். பின்னால் ஓர் இடைவெளி விட்டு "அவர்கள்" போட்டு, உருபை அதில் சேருங்கள். செல்வம் அவர்களுக்கு, கமலா அவர்களுக்கு, சலீம் அவர்களுக்கு. பெயர் எப்படி முடிந்தாலும் அசையாது, மரியாதையும் கூடவே வந்துவிடுகிறது. விளிக்க வேண்டுமானால் "அவர்களே" போடலாம். "சிவகுமாரே" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது மேடை நாடகத்தில் ராசா மந்திரியைக் கூப்பிடுவதுபோல் இருக்கும்.

அழைக்கும் பெயர் D நிரலில் இருந்தால் எக்செலில் இது போதும்:

```
=IF(TRIM(D2)="","அன்புடையீர்,","அன்பின் "&TRIM(D2)&" அவர்களுக்கு,")
```

TRIM-ஐ விட்டுவிடாதீர்கள். பெயருக்குப் பின்னால் தெரியாமல் தட்டிய இடைவெளிகள் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். வாழ்த்தின் உள்ளே மறுபடி பெயரைக் கொண்டுவராதீர்கள். "செல்வத்தின் குடும்பத்தினர்" என்று எழுதப் புறப்பட்டால் அதே சிக்கல் திரும்ப வரும். "தங்கள் குடும்பத்தினர்" என்று எழுதுங்கள்.

எஸ்எம்எஸ் அனுப்புபவர்கள் நீளத்தையும் பார்க்க வேண்டும். தமிழில் ஒரு எஸ்எம்எஸ் 70 குறிகள்தான். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியாகவே எண்ணப்படும். "அன்பின் சிவகுமார் அவர்களுக்கு," என்பதே 30 ஆகிவிடும். பாலசுப்பிரமணியம் என்றால் 37. ஆகவே உங்களுடைய பெயரை வைத்துச் சோதிக்காமல், பட்டியலிலேயே நீளமான பெயரை வைத்துச் சோதியுங்கள். 70-ஐத் தாண்டினால் ஆளுக்கு இரண்டு செய்திக்குக் காசு போகும். அதற்காக LEFT போட்டுப் பெயரை வெட்டாதீர்கள். சிவகுமார் என்பதை 8 குறியில் வெட்டினால் புள்ளி கழன்று "சிவகுமார" என்று நிற்கும்.

பட்டியலை CSV ஆகச் சேமிக்கும்போது CSV UTF-8 என்பதையே தெரிவுசெய்யுங்கள். சாதாரண CSV-இல் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

திரு, திருமதி, செல்வி, ஜனாப் பற்றி ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் தாமாகச் சொல்லியிருந்தால் போடுங்கள். பெயரைப் பார்த்து ஊகிக்காதீர்கள். மணமாகாதவரைத் திருமதி ஆக்கியும், இரண்டு பிள்ளைகளின் தாயைச் செல்வி ஆக்கியும் அனுப்பிவிட்டுக் கடைக்காரர் மன்னிப்புக் கேட்கிற நிலை தேவையா? "அவர்கள்" ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பெயரிலேயே சந்தேகம் என்றால் D கலத்தை வெறுமையாக விடுங்கள். "அன்புடையீர்" என்று போகும், யாரும் கோபிக்கமாட்டார்கள்.